பிள்ளையின் கூகுள் கணக்கு பெற்றோர் அனுமதி கேட்டு நின்றுவிட்டால்: எந்த வரிசையில் என்ன செய்வது

என் மகளுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு. அவளுடைய ஜிமெயில் கணக்கை அவள் அண்ணன் முறையில் ஒரு பையன் திறந்து கொடுத்தான். பிறந்த வருடம் கேட்ட இடத்தில் 2000 என்று போட்டிருந்திருக்கிறான். ஒருநாள் கணக்கின் அமைப்புகளைத் துழாவிக்கொண்டிருந்த மகள், "என் பிறந்த நாள் தப்பா இருக்கே" என்று தன் உண்மையான தேதியைப் போட்டுச் சேமித்துவிட்டாள். அவள் செய்தது சரிதான். ஆனால் 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பெற்றோர் மேற்பார்வை இல்லாமல் கூகுள் கணக்கு வைத்துக்கொள்ள இந்தியாவில் முடியாது என்பது அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

தேதி மாறியதும் சரிசெய்ய 14 நாள் அவகாசம் தரப்பட்டது. அந்த அறிவிப்பு அவளுடைய ஜிமெயிலுக்கு வந்தது. அந்தப் பெட்டியை வீட்டில் யாரும் திறந்து பார்ப்பதில்லை. பதினைந்தாம் நாள் பள்ளிச் செயல்திட்டத்துக்கு எடுத்த படங்களைத் திறக்கப் போனபோதுதான் கணக்கு முடக்கப்பட்டிருப்பது தெரிந்தது. வீட்டில் யூடியூப் குடும்பத் திட்டம் இருந்தும் அவளால் எதற்குள்ளும் நுழைய முடியவில்லை.

எல்லாம் சரியாவதற்கு எங்களுக்கு ஒன்பது நாள் ஆனது. வரிசை தெரிந்திருந்தால் ஒரு மாலை நேரத்தில் முடிந்திருக்கும். அந்த வரிசையைத்தான் கீழே எழுதுகிறேன்.

## 1. பூட்டு எது என்று முதலில் பாருங்கள்

பிள்ளையின் கணக்கு "திறக்கவில்லை" என்று நாம் சொல்வது மூன்று வேறு நிலைகளாக இருக்கலாம். கடவுச்சொல் போட்ட பிறகு திரையில் வரும் வாசகத்தை முழுவதும் படியுங்கள்.

வயது வரம்பைச் சொல்லி, கணக்கு முடக்கப்பட்டது அல்லது முடக்கப்படப் போகிறது என்று வந்தால், அது எங்களுக்கு நேர்ந்த நிலை. அங்கே இரண்டு வழி காட்டுவார்கள். ஒன்று, பெற்றோர் மேற்பார்வையை ஏற்படுத்துவது. இன்னொன்று, 13 வயது முடிந்துவிட்டது என்று அடையாள அட்டை அல்லது கிரெடிட் கார்டு கொண்டு நிரூபிப்பது. உங்கள் பிள்ளைக்கு உண்மையில் 13 முடியவில்லை என்றால் இரண்டாவது வழியைத் தொடவே வேண்டாம். அப்பாவின் கார்டைக் கொடுத்துப் பிள்ளையைப் பெரியவராகக் காட்டினால் கணக்கு திறக்கும்தான். ஆனால் அதற்குப் பிறகு அது பெரியவர் கணக்கு. உங்கள் கட்டுப்பாடு எதுவும் அதில் இருக்காது.

இரண்டாவது நிலை, மேற்பார்வை அமைப்பதைப் பாதியில் விட்டது. பிள்ளை தன் பக்கத்தில் அம்மாவின் மின்னஞ்சலைக் கொடுத்திருப்பாள், அம்மா தன் பக்கத்தை முடித்திருக்க மாட்டார். அனுமதிக்காகக் காத்திருப்பதாகத் திரை சொல்லும். புதிதாக ஒன்றும் தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து முடித்தால் போதும்.

மூன்றாவது நிலையில் கணக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏற்கெனவே மேற்பார்வையில் உள்ள பிள்ளை புதுக் கருவியில் நுழையும்போது, பெற்றோரில் ஒருவர் தன் கடவுச்சொல்லை அந்தக் கருவியிலேயே போட வேண்டும். பலர் இதைப் பார்த்து, பிள்ளையின் கடவுச்சொல் தவறு என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை. கேட்பது உங்களுடையதை.

முதல் நிலையில் நாள் முக்கியம். முடக்கிய பிறகும் நடவடிக்கை எடுக்காமல் விட்டால் கணக்கை அழிக்கும் கட்டத்துக்குப் போய்விடும். திரையிலும் மின்னஞ்சலிலும் உள்ள தேதியைக் காகிதத்தில் குறித்து வையுங்கள்.

## 2. அனுமதி தரப்போவது யாருடைய கணக்கு என்று முடிவு செய்யுங்கள்

எங்கள் ஒன்பது நாளில் பெரும்பகுதி போனது இங்கேதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

குடும்பத் திட்டத்துக்குப் பணம் கட்டுபவர் என் கணவர். அவர் வேலை பார்ப்பது சார்ஜாவில். திட்டம் அவர் பெயரில், அவருடைய கணக்கில் இருக்கிறது, ஆகவே அனுமதியும் அவர்தான் தர வேண்டும் என்று நினைத்தோம். மகள் அவருடைய மின்னஞ்சலைப் போட்டாள். இரவு அவர் வேலை முடிந்து வந்ததும் காணொலி அழைப்பில் உட்கார்ந்து, அவர் அங்கே ஒவ்வொரு பக்கமாக நகர்த்த, நான் இங்கே சொல்லிக்கொண்டே இருந்தேன். மூன்று இரவு முயன்றோம். அப்புறம்தான் நிபந்தனையைப் படித்தோம். ஒரு குடும்பத்தாரின் கூகுள் கணக்குகளை ஒன்றாகச் சேர்ப்பதைக் குடும்பக் குழு என்கிறார்கள், அதைத் தொடங்கியவர் மேலாளர். குடும்பக் குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் குழுவின் மேலாளர் இருக்கும் நாட்டிலேயே இருக்க வேண்டும். அவருடைய கணக்கு அமீரகக் கணக்கு, மகளுடையது இந்தியக் கணக்கு.

"என்னங்க, அப்ப உங்க கணக்கை இந்தியாவுக்கு மாத்திடலாமா?" என்று கேட்டேன். அவர் வேண்டாம் என்றார். அவர் சொன்னதுதான் சரி. பிளே ஸ்டோரில் நாட்டை வருடத்துக்கு ஒரு முறைதான் மாற்ற முடியும். மாற்றினால் பழைய நாட்டில் உள்ள பிளே இருப்புத் தொகையைப் புது நாட்டில் பயன்படுத்த முடியாது. அங்கே வேலை பார்ப்பவர் அந்த நாட்டுச் செயலிகளை நம்பித்தான் இருக்கிறார்.

ஒரு கணக்கு எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறது என்று பார்க்க எளிய வழி உண்டு. அந்தக் கணக்கில் நுழைந்த நிலையில் `policies.google.com/terms` பக்கத்தைத் திறங்கள். மேலே Country version என்ற இடத்தில் நாட்டின் பெயர் இருக்கும். வெளிநாட்டில் ஒருவர், ஊரில் ஒருவர் என்று இருக்கும் குடும்பங்கள் இதை முதலில் பார்த்துவிடுவது நல்லது. பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டில் கணக்கு உள்ள பெற்றோரே அனுமதி தரட்டும்.

சரி, நானே தருகிறேன் என்று என் மின்னஞ்சலைக் கொடுத்தேன். நான் கொடுத்தது அலுவலக முகவரி, தினமும் திறந்திருப்பது அதுதான் என்பதால். அதுவும் நடக்கவில்லை. அலுவலகமோ பள்ளியோ கல்லூரியோ கொடுத்த கணக்கைக் கொண்டு குடும்பக் குழு தொடங்க முடியாது. உங்கள் சொந்தக் கணக்குதான் வேண்டும்.

சொந்தக் கணக்கிலும் உங்கள் பிறந்த தேதியை ஒருமுறை பாருங்கள். `myaccount.google.com/birthday` என்ற பக்கத்தில் இருக்கும். அனுமதி தருபவருக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். கடைக்காரரோ உறவுக்காரப் பையனோ திறந்து கொடுத்த கணக்கில் தேதி வாய்க்கு வந்தபடி இருக்கும்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு குடும்பக் குழு இருந்து, நீங்கள் அதில் வெறும் உறுப்பினராக மட்டும் இருந்தால், உங்கள் அனுமதி செல்லாது. மேலாளராக இருப்பவர் `families.google.com` பக்கத்தில் உங்களுக்குப் பெற்றோர் என்ற பொறுப்பைக் கொடுக்க வேண்டும். தாத்தா பெயரில் திட்டம் வாங்கி, அம்மாவை உறுப்பினராகச் சேர்த்த வீடுகளில் இந்த இடத்தில்தான் சிக்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். சிக்கல் வந்ததும் குழுவைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்று தோன்றும். ஒருவர் 12 மாதத்துக்கு ஒரு முறைதான் குழு மாற முடியும். அவசரத்தில் கலைத்து, அவசரத்தில் இன்னொன்றில் சேர்ந்து, அது தவறு என்று பிறகு தெரிந்தால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். நான் கணவரின் குழுவில் சேராமலே இருந்ததால் என் பெயரில் புதிதாக ஒரு குழு தொடங்க முடிந்தது.

## 3. உட்காருவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

பிள்ளையின் முகவரியும் கடவுச்சொல்லும், உங்கள் முகவரியும் கடவுச்சொல்லும், உங்கள் கைபேசி. உங்கள் கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பு இருந்தால் அந்தக் கைபேசிக்குத்தான் கேள்வி வரும், ஆகவே அதில் சார்ஜும் இணையமும் இருக்கட்டும். பிள்ளையும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள கணக்கை மேற்பார்வைக்குள் கொண்டுவரும்போது பிள்ளையும் தன் கடவுச்சொல்லைப் போட்டுச் சம்மதிக்க வேண்டிய கட்டம் உண்டு. அவள் டியூஷன் போன நேரத்தில் தொடங்கினால் பாதியில் நிற்கும்.

நீங்கள் பெரியவர் என்பதை உறுதிப்படுத்த கிரெடிட் கார்டு கேட்கலாம். அதில் சிறு தொகை ஒன்றைப் பிடித்துவைத்துப் பிறகு விடுவிப்பார்கள். அது கட்டணம் இல்லை. கணக்கைத் திறப்பதற்கோ மேற்பார்வைக்கோ, பெற்றோர் பிள்ளையின் கணக்கை மேற்பார்வையிட கூகுள் தரும் ஃபேமிலி லிங்க் செயலிக்கோ ஒரு ரூபாய்கூடக் கிடையாது. யாராவது தொலைபேசியில் அழைத்து, கணக்கைத் திறந்து தருகிறேன், பணம் அனுப்புங்கள், ஓடிபி சொல்லுங்கள் என்றால் அது மோசடி.

என் கார்டு முதலில் மறுக்கப்பட்டது. பல மாதமாகப் பெட்ரோல் பங்கில் மட்டும் தேய்த்த கார்டு அது. ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிப்படி, இணையத்தில் ஒருமுறைகூடப் பயன்படுத்தாத கார்டுகளிலும் புதிதாகத் தரும் கார்டுகளிலும் இணையப் பரிவர்த்தனை அணைத்தே இருக்கும். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கும் அப்படித்தான். வங்கிச் செயலியில் கார்டு அமைப்புகளுக்குப் போய் நாமேதான் இரண்டையும் திறந்துவிட வேண்டும். திறந்துவிட்டு முயன்றேன், ஓடிபி வந்தது, முடிந்தது. வேலை முடிந்ததும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திரும்ப அணைத்துவிட்டேன். நீங்களும் அணைத்துவிடுங்கள்.

13 வயது முடிந்த பிள்ளையின் கணக்கு தவறான தேதியால் மாட்டிக்கொண்டிருந்தால், ஆவணம் தேவைப்படும். பிறந்த தேதி உள்ள அரசு அடையாள அட்டையாக இருக்க வேண்டும். இங்கே ஆதாரைக் கவனியுங்கள். பழைய ஆதார் அட்டைகள் பலவற்றில் நாளும் மாதமும் இல்லாமல் பிறந்த வருடம் மட்டுமே அச்சாகியிருக்கும். அந்தப் படத்தை அனுப்பினால் தேதியை எதிலிருந்து எடுப்பார்கள்? பாஸ்போர்ட் இருந்தால் அதையே கொடுங்கள். இல்லையென்றால் முதலில் ஆதார் மையத்தில் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுபோய் முழுத் தேதியைச் சேர்க்க வேண்டும். அதற்குச் சில நாள் ஆகும் என்பதால், அவகாசம் முடிவதற்குள் வருமா என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அட்டையைப் படம் எடுக்கும்போது நான்கு மூலையும் தெரிய வேண்டும், லேமினேஷன் பளபளப்பு தேதியின் மேல் விழக்கூடாது. ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே வைக்காமல் பகலில் ஜன்னல் ஓரம் வைத்து எடுத்தால் சரியாக வரும். பிரவுசிங் சென்டரில் இதைச் செய்ய வேண்டாம். பதிவிறக்கிய ஆதார் கோப்பு அந்தக் கணினியிலேயே தங்கிவிடும். அதன் கடவுச்சொல் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தான் என்பது அங்கே இருப்பவர்களுக்கு மனப்பாடம்.

## 4. அனுமதியைக் கொடுத்து முடிப்பது

முடிந்தால் கணினியில் செய்யுங்கள். உலாவியில் மறைநிலைச் சாளரம் ஒன்றைத் திறங்கள். ஏற்கெனவே உங்கள் கணக்கோ அலுவலகக் கணக்கோ உள்ளே இருக்கும் சாளரத்தில் செய்தால், யாருடைய பெயரில் பக்கம் திறந்திருக்கிறது என்பது குழம்பிவிடும்.

அங்கே பிள்ளையின் முகவரியும் கடவுச்சொல்லும் போட்டு நுழையுங்கள். வயது பற்றிய அறிவிப்பு வரும். மேற்பார்வையை ஏற்படுத்தும் வழியைத் தேர்ந்தெடுங்கள். பெற்றோரின் மின்னஞ்சலைக் கேட்கும், முன்பே முடிவு செய்த சொந்த முகவரியைக் கொடுங்கள். பிறகு உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும், கைபேசிக்கு வரும் கேள்விக்கும் ஆம் சொல்லுங்கள். அடுத்து என்னென்ன தகவல் சேகரிக்கப்படும், பெற்றோர் எதையெல்லாம் கட்டுப்படுத்தலாம் என்று நீளமான பக்கம் வரும். கடைசி வரை உருட்டினால்தான் சம்மதம் தரும் பொத்தானைக் காணலாம். பலர் அனுமதி கொடுத்துவிட்டதாக நினைத்துச் சாளரத்தை மூடுவது இங்கேதான். அதற்குப் பிறகும் கார்டு சரிபார்ப்பும் பிள்ளையின் சம்மதமும் இருக்கின்றன.

முடிந்ததா என்று தெரிந்துகொள்ள, உங்கள் கைபேசியில் ஃபேமிலி லிங்க் செயலியை நிறுவி, அதே சொந்தக் கணக்கில் நுழையுங்கள். பிள்ளையின் பெயர் அங்கே இருந்தால் முடிந்தது. பெயர் இல்லையென்றால் எங்கோ ஒரு பக்கம் பாக்கி இருக்கிறது. மீண்டும் பிள்ளையின் பெயரில் நுழைந்தால் அந்தப் பக்கத்திலேயே கொண்டுபோய் விடும்.

எங்கள் வீட்டில் சரியான கணக்கோடு உட்கார்ந்த பிறகு மொத்தம் இருபத்தைந்து நிமிடம்தான் ஆனது. செயலியில் மகளின் பெயர் வந்தது. அவள் உடனே டிரைவைத் திறந்து, எறும்புப் புற்றைப் பற்றி எடுத்த படங்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன.

## 5. கைபேசியில் கணக்கைச் சேர்ப்பதற்கு முன்

நம் வீடுகளில் பிள்ளைக்கென்று தனிக் கைபேசி இருக்காது. அம்மாவுடையது, இல்லையென்றால் யாருடையதோ பழையது. மேற்பார்வையில் உள்ள 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் கணக்கை ஆண்ட்ராய்டு கைபேசியில் சேர்க்கும்போது, அதில் உள்ள மற்ற கூகுள் கணக்குகளை நீக்கச் சொல்லும். பள்ளிக் கணக்குக்கு மட்டும் விலக்கு உண்டு.

மகள் பயன்படுத்தியது என் அப்பாவும் பேசப் பயன்படுத்தும் பழைய கைபேசி. அதில் அவருடைய கணக்கு இருந்தது. நீக்கு என்று கேட்டதும் யோசிக்காமல் நீக்கிவிட்டேன். அப்பாவின் கைபேசித் தொடர்புகள் முழுவதும் அந்தக் கணக்கில்தான் இருந்தன. அவர் மதியம் பால்காரருக்கு அழைக்கப் பார்த்தால் பட்டியல் காலி. கணக்கை வேறு கைபேசியில் போட்டதும் எல்லாம் திரும்ப வந்தன, ஏனென்றால் அவை கணக்கோடு ஒத்திசைந்திருந்தன. ஒத்திசைவு அணைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். நீங்கள் `contacts.google.com` பக்கத்தில் பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே நீக்குங்கள்.

நீங்கள் தினமும் பயன்படுத்தும் கைபேசியில் பிள்ளையின் கணக்கைச் சேர்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து. கணினியில் உலாவி வழியாக நுழைந்தாலே பள்ளி வேலைக்குப் போதும்.

சேர்க்கும்போது உங்கள் கடவுச்சொல்லை அந்தக் கைபேசியில் கேட்கும். அதை நீங்களே தட்டச்சு செய்யுங்கள், பிள்ளையிடம் சொல்ல வேண்டாம். அந்தக் கடவுச்சொல் தெரிந்தால் எல்லா அனுமதியையும் பிள்ளையே கொடுத்துக்கொள்ளும்.

## 6. கடைசியாகக் குடும்பத் திட்டம்

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. திட்டத்துக்குப் பணம் கட்டியிருப்பதால் கணக்கு திறக்காது. கணக்கு முடங்கிக் கிடந்தாலும் திட்டத்தின் பணம் மாதாமாதம் போய்க்கொண்டேதான் இருக்கும். முதலில் அனுமதி, பிறகுதான் திட்டம்.

மேற்பார்வை முடிந்ததும் பிள்ளை உங்கள் குடும்பக் குழுவில் இருப்பாள். குழு என்பது மேலாளரும் இன்னும் ஐந்து பேரும். ஏற்கெனவே ஆறு பேர் நிறைந்திருந்தால் முன்கூட்டியே ஓர் இடம் காலி செய்து வைத்திருக்க வேண்டும். வெளியே போகிறவருக்கு அந்த 12 மாத விதி பொருந்தும் என்பதால், யாரை எடுப்பது என்று அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

எங்களுக்கு இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. மகள் இப்போது என் குழுவில் இருக்கிறாள், கணவரின் திட்டம் சார்ஜாவில் அவர் குழுவில் இருக்கிறது. ஒரு பிள்ளை இரண்டு குழுவில் இருக்க முடியாது. இந்தியாவில் யூடியூப் பிரீமியம் குடும்பத் திட்டம் 2024 ஆகஸ்டில் விலை ஏறியபோது மாதம் 299 ரூபாய் ஆனது. அவர் அங்கே குடும்பத் திட்டத்தை விட்டுத் தனிநபர் திட்டத்துக்கு மாறினார். நான் இங்கே என் பெயரில் குடும்பத் திட்டம் வாங்கி, மகளையும் என் பெற்றோரையும் தங்கையையும் அதில் வைத்தேன். நாங்கள் ஒரே வீட்டில் இருப்பதால் அதற்குத் தடை இல்லை. அந்தத் திட்டத்தின் நிபந்தனைப்படி உறுப்பினர்கள் மேலாளரின் முகவரியிலேயே வசிக்க வேண்டும்.

மாறும்போது பழைய திட்டத்தின் மாதம் எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்த்து, அதற்கு முதல் நாள் ரத்து செய்யச் சொன்னேன். அவர் ரத்து செய்தது இரவு பத்து மணிக்கு, அங்கிருந்து எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். மறுநாள் காலை நான் இங்கே வாங்கினேன்.